நாலு டைஸ்ல ஒரு ஆறு: கூட்டினா அதிகமா வர்ற அந்த 193

"சார், ஒரு டைஸ்ல ஆறு விழ 1/6 சான்ஸ்னா நாலு டைஸ் சேத்துப் போட்டா 4/6 தானே? அப்போ ஆறு டைஸ் போட்டா கண்டிப்பா ஒரு ஆறாச்சும் விழணும். ஞாயித்துக்கிழமை மழையில வீட்டுல உக்காந்து ஆறு டைஸ பத்து தடவ போட்டோம், மூணு தடவ ஆறே விழல. டைஸ்ல கோளாறா, என் கணக்குல கோளாறா?" – குன்னூர்ல இருந்து

டைஸ் நல்லாத்தான் இருக்குங்க. ஆறு டைஸ் போட்டா ஆறே விழாம போறதுக்கு கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்கு சான்ஸ் இருக்கு, பத்து தடவ போட்டா சராசரியா மூணு தடவைக்கு கொஞ்சம் மேல ஏமாத்தத்தான் செய்யும், உங்களுக்கு சரியா மூணு தடவ ஏமாத்தியிருக்கு. கணக்குலதான் ஒரு இடம் சறுக்குது. நான் கோத்தகிரில இருபது வருஷத்துக்கு மேல பத்தாவது, பிளஸ் டூ பசங்களுக்கு டியூஷன் எடுக்கறேன், நிகழ்தகவு ஆரம்பிச்ச முதல் வாரத்துலயே பாதி பேர் இதே இடத்துலதான் சறுக்குவாங்க, அதுவும் நல்லா யோசிக்கற பசங்கதான் சறுக்குவாங்க, ஏன்னா 1/6 + 1/6 + 1/6 + 1/6ங்கறது பாக்க அவ்வளவு நியாயமா இருக்கு. அதனால "அது தப்பு, இந்த ஃபார்முலாவ போடு"னு சொல்லி முடிக்கறது எனக்குப் பிடிக்காது. அந்த 4/6 எதை எண்ணுதுன்னு தெரிஞ்சா பிறகு மறக்கவே மறக்காது.

முதல்ல ரெண்டு டைஸ்ல இருந்து வரலாம். ஒண்ணு செவப்பு, ஒண்ணு வெள்ளைனு வச்சுக்கங்க (வீட்டுல ரெண்டு லூடோ செட் இருந்தா அப்படி கலர் கலராவே கிடைக்கும், நிஜமாவே கையில எடுத்துக்கறது நல்லது). செவப்புல ஆறு விதம், அது ஒவ்வொண்ணுக்கும் வெள்ளைல ஆறு விதம், மொத்தம் 36. ஒரு நோட்டுல 6 வரி 6 பத்தி கட்டம் போட்டு, செவப்புல ஆறு வர்ற வரிசைய முழுசா பென்சில்ல நிழல் அடிங்க, 6 கட்டம். அப்புறம் வெள்ளைல ஆறு வர்ற பத்திய நிழல் அடிங்க, அதுவும் 6 கட்டம். இப்ப 6 + 6 = 12, 12/36 அதாவது 2/6, உங்க கணக்கு அப்படியே வருது. ஆனா நிழல் விழுந்த கட்டத்த ஒண்ணொண்ணா எண்ணிப் பாருங்க, 11தான் இருக்கும். மூலையில செவப்பும் ஆறு வெள்ளையும் ஆறுன்னு ஒரு கட்டம் இருக்கு பாருங்க, அது மேல பென்சில் ரெண்டு தடவ ஓடியிருக்கும், மத்தத விட கருப்பா தெரியும். அந்த ஒரே கட்டத்த நீங்க செவப்பு கணக்குலயும் எழுதிட்டீங்க, வெள்ளை கணக்குலயும் எழுதிட்டீங்க. சரியான விடை 11/36.

பத்தாம் வகுப்பு புத்தகத்துல இதுக்குத்தான் நிகழ்தகவின் கூட்டல் தேற்றம்னு ஒண்ணு இருக்கு, A அல்லது Bக்கான நிகழ்தகவுன்னா A-ஓடதையும் B-ஓடதையும் கூட்டி ரெண்டும் சேந்து வர்றத கழிக்கணும்னு. பசங்க கூட்டறத ஞாபகம் வச்சுக்கறாங்க, கழிக்கறத பரீட்சை ஹாலுக்கு வெளியவே விட்டுட்டு வந்துடறாங்க. கழிக்காம வெறுமனே கூட்டலாமா? கூட்டலாம், ரெண்டும் ஒரே நேரத்துல நடக்கவே முடியாதுன்னா மட்டும். ஒரே ஒரு டைஸ்ல அஞ்சோ ஆறோ விழற சான்ஸ் 1/6 + 1/6 = 2/6, அது சரி, ஏன்னா ஒரு டைஸ் ஒரே நேரத்துல அஞ்சும் ஆறுமா நிக்காது. ரெண்டு டைஸ் போடறப்ப ரெண்டுலயும் ஆறு தாராளமா விழலாம், அதனால அங்க வெறும் கூட்டல் செல்லாது. மேலோட்டமா பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி "இதுவோ அதுவோ" கேள்விதான், அதான் குழப்பமே.

சரி, அப்போ அந்த 2/6, 4/6 எல்லாம் அர்த்தமே இல்லாத நம்பரான்னா இல்லைங்க, அது வேற ஒரு கேள்விக்கு ரொம்ப சரியான விடை. இதுக்கு நான் பசங்ககிட்ட சொல்றது எஸ்டேட் லைன் வீட்டு கணக்கு. ஒரு லைன்ல 40 வீடு இருக்கு, காலைல கொழுந்து பறிக்க 30 பேர் போறாங்கன்னு வச்சுக்கங்க. அதனால 30 வீட்டுல இருந்து ஆள் போகுதுன்னு சொல்ல முடியுமா? முடியாதுல்ல, ஒரே வீட்டுல மாமியாரும் மருமகளும் சேந்து கூடைய மாட்டிக்கிட்டு போவாங்க, சில வீட்டுல மூணு பேர் கூட போவாங்க, வீட்ட எண்ணினா 22 வரலாம் 25 வரலாம், 30 வீடு வரணும்னா ஒரு வீட்டுக்கு ஒரு ஆளுக்கு மேல போகவே கூடாது. ஆள எண்றது வேற, வீட்ட எண்றது வேற. நீங்க 1/6 நாலு தடவ கூட்டினது ஆள எண்ணின கணக்கு, அதாவது நாலு டைஸ் ஒரு தடவ போட்டா சராசரியா எத்தன ஆறு விழும்ங்கற கணக்கு. அது 4/6தான், அதுல சந்தேகமே இல்ல. ஆனா கேள்வி, எத்தன போடுல ஒரு ஆறாச்சும் இருக்கும்ங்கறது. அது வீட்டு கணக்கு.

இப்ப நாலு டைஸையே முழுசா பிரிச்சுப் பாத்துடலாம். மொத்தம் 6 × 6 × 6 × 6 = 1296 விதம். இதுல ஒரே ஒரு ஆறு மட்டும் இருக்கறது எத்தனன்னா, எந்த டைஸ்ல அந்த ஆறுங்கறதுக்கு 4 வழி, மத்த மூணு டைஸும் ஆறு தவிர மீதி அஞ்சுல ஏதோ ஒண்ணு, 5 × 5 × 5 = 125, ஆக 500. ரெண்டு ஆறு இருக்கறதுக்கு, நாலு டைஸ்ல எந்த ரெண்டுங்கறது 6 வழி, மீதி ரெண்டு டைஸுக்கு 25, ஆக 150. மூணு ஆறு, 4 வழி 5 விதம், 20. நாலும் ஆறு, 1. கூட்டினா 500 + 150 + 20 + 1 = 671. அதாவது 1296ல 671 விதத்துல ஒரு ஆறாச்சும் இருக்கு, கிட்டத்தட்ட 51.8 சதவீதம். உங்க 4/6ன்னா 1296ல 864 வரணும். 864க்கும் 671க்கும் வித்தியாசம் 193. இந்த 193 எங்க இருந்து வந்துச்சுன்னு தேடினா கச்சிதமா கிடைக்குது: ரெண்டு ஆறு விழுந்த 150 விதத்தையும் நீங்க ஆளுக்கொரு தடவயா ரெண்டு தடவ எண்ணிட்டீங்க, அதுல 150 அதிகம். மூணு ஆறு விழுந்த 20ஐ மூணு தடவ எண்ணிட்டீங்க, அதுல 40 அதிகம். நாலும் ஆறா விழுந்த ஒண்ண நாலு தடவ எண்ணிட்டீங்க, அதுல 3 அதிகம். 150 + 40 + 3 = 193. ஒண்ணு கூட மிச்சம் இல்லாம கணக்கு அடங்கிடுது, எனக்கு இத போர்டுல எழுதறப்பல்லாம் இன்னிக்கும் சந்தோஷமா இருக்கும்.

ஆனா இப்படி ஒரு ஆறு ரெண்டு ஆறு மூணு ஆறுன்னு பிரிச்சு எண்றது நாலு டைஸ் வரைக்கும்தான் தாங்கும், ஆறு டைஸ் பத்து டைஸ்னா கை வலிச்சுடும். அங்கதான் எதிர்ப்பக்கமா போற வழி வருது. "ஒரு ஆறாச்சும்"ங்கறதுக்குள்ள ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு பல கதை இருக்கு, ஆனா அதுக்கு நேர் எதிர்ல ஒரே ஒரு கதைதான் இருக்கு, ஆறே விழலங்கறது. அத எண்றது ரொம்ப லேசு, ஒவ்வொரு டைஸும் அஞ்சு விதத்துல ஒண்ணு, 5 × 5 × 5 × 5 = 625. 1296ல 625 போக 671. அதே விடை, ஒரே வரில.

```
1 - (5/6)^4 = 671/1296 ≈ 0.518
```

ஏன் இங்க பெருக்கறோம்னு கேட்டா நிறைய பேர் "ஃபார்முலா சார்"ங்கறாங்க. அது எனக்கு போதாது. அந்த 1296 போடையும் மனசுல வரிசையா நிக்க வச்சு ஒவ்வொரு டைஸா பாத்துக்கிட்டே வாங்க. முதல் டைஸ்லயே ஆறு விழுந்தது ஆறுல ஒரு பங்கு, 216 போடு, அது ஜெயிச்சாச்சு, அத ஒதுக்கி வச்சுடுங்க, மீதி 1080. ரெண்டாவது டைஸ் இப்ப யாருக்கு உதவணும்? ஏற்கனவே ஜெயிச்சவங்களுக்கு இன்னொரு ஆறு விழுந்து பிரயோஜனம் இல்ல, மீதி இருக்கற 1080க்குத்தான் உதவணும், அதுல ஆறுல ஒரு பங்கு 180, மீதி 900. மூணாவது டைஸ் அந்த 900ல 150ஐ தூக்குது, மீதி 750. நாலாவது டைஸ் 125ஐ தூக்குது, மீதி 625. ஜெயிச்சத எல்லாம் கூட்டுங்க, 216 + 180 + 150 + 125 = 671. பாத்தீங்களா, ஒவ்வொரு டைஸும் ஆறுல ஒரு பங்குதான் எடுக்குது, ஆனா மொத்தத்துல ஆறுல ஒரு பங்கு இல்ல, மீதியில ஆறுல ஒரு பங்கு. உங்க கூட்டல்ல நாலு டைஸும் முழு 216 கொண்டு வரும்னு நெனச்சுட்டீங்க, முதல் டைஸ் மட்டும்தான் 216 கொண்டு வருது, அடுத்தது ஒவ்வொண்ணும் கொஞ்சம் கொஞ்சமா இளைச்சுக்கிட்டே போகுது. ஒவ்வொரு தடவையும் ஆறுல அஞ்சு பங்கு மிஞ்சுதுல்ல, அந்த மிச்சத்தோட மிச்சம்தான் 5/6 × 5/6 × 5/6 × 5/6.

இந்த இளைப்பு தெரிஞ்சா உங்க ஆறு டைஸ் கதையும் தன்னால புரியும். 6 × 1/6 = 1, அதனால கண்டிப்பா விழணும்னு நெனச்சீங்க. மொத்தம் 46656 விதம், ஆறே இல்லாதது 15625, அதாவது 33.5 சதவீதம். ஒரு ஆறாச்சும் விழற சான்ஸ் 66.5 சதவீதம். கூட்டல் முறை தப்புன்னு கண்டுபிடிக்க சுலபமான வழி ஏழாவது டைஸ சேக்கறதுதான், 7/6 வந்துடும், நூறு சதவீதத்துக்கு மேல ஒரு சான்ஸ் இருக்க முடியாது. பசங்க யாராவது 4/6ன்னு சொன்னா நான் உடனே மறுக்க மாட்டேன், "அப்போ ஏழு டைஸுக்கு?"ன்னு மட்டும் கேப்பேன், அவங்களே நிறுத்திடுவாங்க. எத்தன டைஸ் போட்டாலும் நூறு வராது, மீதி எப்பவும் கொஞ்சம் இருக்கும். 90 சதவீதம் தாண்டணும்னா 13 டைஸ் வேணும், 99 தாண்ட 26 டைஸ் வேணும், கடைசி ஒன்பது சதவீதத்துக்கு மட்டும் இன்னொரு பதிமூணு டைஸ் ஆகுது.

எதிர்ப்பக்கமா போற வழி தெரிஞ்ச பிறகும் ஒரு பெரிய சறுக்கல் இருக்கு, இத நான் பிளஸ் ஒன் பேப்பர்லயே பாக்கறேன். "ஒரு ஆறாச்சும்"ங்கறதுக்கு எதிர்னு `1 - (1/6)^4` போடறாங்க. விடை 1295/1296, அதாவது 99.9 சதவீதத்துக்கும் மேல. நாலு டைஸ் போட்டா அனேகமா எப்பவும் ஆறு விழும்னு அர்த்தம், லூடோல ஆறு விழாம காய வெளிய எடுக்க முடியாம உக்காந்திருந்த யாருக்கும் இது நடக்காதுன்னு தெரியும், ஆனா பரீட்சைல கை எழுதிட்டு போயிடுது. (1/6)^4ங்கறது நாலும் ஆறா விழற சான்ஸ், அத ஒண்ணுல இருந்து கழிச்சா கிடைக்கறது "நாலும் ஆறா இல்ல"ங்கறது, "ஒரு ஆறாச்சும் இருக்கு"ங்கறது இல்ல. தமிழ்லயே சொல்லிப் பாத்தா பிடிபடும்: "ஒருத்தராச்சும் வந்தாங்களா?"ன்னு கேட்டு இல்லைன்னா, "யாருமே வரல"ன்னு அர்த்தம். "எல்லாரும் வரல"ங்கறது வேற, சில பேர் வந்திருக்கலாம். எதிர்ப்பதத்த எண்ணா எழுதறதுக்கு முன்னாடி ஒரு வாக்கியமா வாய்விட்டு சொல்லுங்கன்னு நான் பசங்கள கட்டாயப்படுத்தறது இதுக்குத்தான். இதே மாதிரி "சரியா ஒண்ணு"ங்கறதும் "ஒண்ணாச்சும்"ங்கறதும் கலந்துடும், மேல பாத்த கணக்குல சரியா ஒரே ஒரு ஆறு 500/1296, 38.6 சதவீதம்தான், கேள்வில எது கேட்டிருக்குன்னு ரெண்டு தடவ படிக்கணும்.

இன்னொண்ணும் உங்க கேள்விக்குள்ள ஒளிஞ்சிருக்கு, நீங்க கேக்கல ஆனாலும் சொல்றேன். நாலு டைஸ ஒண்ணா போடாம ஒண்ணு ஒண்ணா உருட்டறீங்க, மூணு உருட்டியாச்சு, ஆறு இல்ல. இப்ப "நாலுல ஒரு ஆறு விழ 52 சதவீதம், மூணு போயிடுச்சு, அதனால கடைசில விழறதுக்கு சான்ஸ் ஜாஸ்தி"ன்னு தோணும். இல்லைங்க, கடைசி டைஸுக்கு 1/6தான். அந்த 52 சதவீதம் ஆட்டம் ஆரம்பிக்கறப்ப நீங்க நின்ன இடத்துல இருந்து பாத்த கணக்கு, 1296 போடு கைல இருந்தப்ப. மூணு டைஸ் ஆறு இல்லாம போன பிறகு நீங்க இருக்கறது அந்த 750ல, அதுல 125தான் ஜெயிக்கும், 125/750, திரும்பவும் ஆறுல ஒண்ணு. டைஸுக்கு முன்னாடி என்ன விழுந்துச்சுன்னு தெரியாது.

இந்த நாலு டைஸ் கணக்கு ஒண்ணும் புதுசு இல்ல. 1654 ஜூலை 29ஆம் தேதி பிரெஞ்சு கணித மேதை பாஸ்கல் இன்னொரு கணித மேதை ஃபெர்மாவுக்கு எழுதின கடிதத்துல இது வருது, ஒரு டைஸ நாலு தடவ போட்டு ஒரு ஆறு எடுக்கறேன்னு ஒத்துக்கிட்டா சாதகம் 671க்கு 625ன்னு, நாம மேல எண்ணின அதே ரெண்டு நம்பர். சூதாட்டத்துல ஆர்வம் இருந்த ஷெவாலியே த மெரேங்கறவர் பாஸ்கல்கிட்ட கேட்டது அதுக்கு அடுத்த படி. ஆறு முகம் இருக்கற டைஸுக்கு நாலு தடவ போட்டா சாதகமா இருக்கு, ரெண்டு டைஸ்ல 36 விதம் இருக்கு, 6க்கு 4ன்னா 36க்கு 24, அப்போ ரெண்டு டைஸ 24 தடவ போட்டா ஒரு தடவயாச்சும் ரெண்டும் ஆறா விழறதுலயும் சாதகம் இருக்கணுமே, ஏன் இல்ல? கேக்க எவ்வளவு நியாயமா இருக்கு பாருங்க, ஆனா கணக்கு போட்டா

```
1 - (35/36)^24 ≈ 0.491
1 - (35/36)^25 ≈ 0.506
```

24 தடவைக்கு பாதிக்கு கொஞ்சம் கீழ, 25க்குத்தான் பாதிய தாண்டுது. ரெண்டு ஆட்டத்துலயும் ஆள் கணக்கு ஒண்ணுதான், 4 × 1/6ம் 2/3, 24 × 1/36ம் 2/3. வீட்டு கணக்குதான் வேற. நாலு உருட்டுல அதிகபட்சம் நாலு ஆறுதான் விழ முடியும், 24 உருட்டுல ஜெயிப்பு ஒரே ஆட்டத்துல குவியறதுக்கு இடம் அதிகம், ஒரே வீட்டுல நாலு பேர் அஞ்சு பேர்னு சேர முடியும், அப்படி ஒரு பக்கம் குவிஞ்சா இன்னொரு பக்கம் காலி வீடு அதிகமாகணும், மொத்த ஆள் அதேதானே. முந்நூத்தி எழுபது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் விகிதமா நீட்டினா சரியா வரும்னு நெனச்சதும், நீங்க 1/6ஐ நாலு தடவ நீட்டினதும் அடிப்படைல ஒண்ணுதான், சான்ஸ் அப்படி நேர்கோட்டுல நீளாது.

பெருக்கறதுக்கும் ஒரு எல்லை இருக்குங்க, அத சொல்லாம விட்டா அடுத்த தப்பு இங்க இருந்துதான் ஆரம்பிக்கும். 5/6 × 5/6னு பெருக்க முடிஞ்சது ஒரு டைஸ் இன்னொரு டைஸ கண்டுக்காததால. நம்ம ஊர் மழைய எடுத்துக்கங்க. நாளைக்கு கோத்தகிரில மழை வர பாதி சான்ஸ், குன்னூர்ல பாதி சான்ஸ்னு ஒரு பேச்சுக்கு வச்சுப்போம். ரெண்டுல ஒரு ஊர்லயாச்சும் மழை வர சான்ஸ் 1 - 1/2 × 1/2 = 3/4னு போட்டுடலாமா? கூடாது, வடகிழக்கு பருவமழை மேகம் ஏறிச்சுன்னா ரெண்டு ஊரும் சேந்தேதான் நனையும், இல்லைன்னா சேந்தேதான் காயும். ரெண்டும் எப்பவும் ஒண்ணாவே நனையும்னா விடை வெறும் 1/2, கொஞ்சம்கூட சம்பந்தமே இல்லைன்னா 3/4, நெசமான விடை நடுவுல எங்கயோ இருக்கும். டைஸுக்கே இத பொருத்திப் பாருங்க: நாலு டைஸும் எப்பவும் ஒரே எண்தான் காட்டும்னு ஒரு மாயம் இருந்தா, ஒரு ஆறாச்சும் விழற சான்ஸ் 1/6தான், நாலு டைஸ் இருந்தும் ஒரு டைஸ் மாதிரி. ஒண்ணுல ஆறு விழுந்தா மத்ததுல விழவே விழாதுன்னு ஒரு மாயம் இருந்தா அப்பதான் உங்க 4/6 வரும், ஒரு வீட்டுக்கு ஒரே ஆள் போற லைன் மாதிரி. ஆக 4/6ங்கறது உச்சவரம்பு, அதுக்கு மேல போகவே போகாது. நெசமான டைஸ் ஒண்ணுக்கொண்ணு பேசிக்காதுங்கறதால விடை நடுவுல 671/1296ல வந்து நிக்குது. மூணு கதைலயும் சராசரி ஆறு எண்ணிக்கை மட்டும் மாறாம 4/6தான், ஆள் கணக்குக்கு யாரு யாரோட சேந்து போறாங்கங்கறது தேவையே இல்ல.

தாயக்கட்டை வச்சு ஆடற வீடா இருந்தா அதுலயும் இதே கணக்கு ஓடும், 5/6 இருக்கற இடத்துல 3/4 போட்டா போதும், ஏன்னா நீளமான தாயக்கட்டைக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு, வெறுமைன்னு நாலு முகம்தான். ரெண்டு கட்டை உருட்டினா ஒண்ணுலயாச்சும் வெறுமை விழ 1 - 9/16 = 7/16, கூட்டினா 8/16 வரும், அதிகமா வந்த அந்த 1/16, ரெண்டு கட்டையும் வெறுமையா விழறது, நாம பன்னெண்டுன்னு கத்துவோமே அதுதான்.

வர்ற ஞாயித்துக்கிழமையும் மழையா இருந்தா இந்த தடவ இப்படி போட்டுப் பாருங்க. ஆறு டைஸ் பத்து தடவ போதாது, நாலு டைஸ் 200 தடவ. ஒரு ஸ்டீல் டம்ளர்ல நாலையும் போட்டு நல்லா குலுக்கி, கட்டில்ல இல்லாம தரைல ஒரு துணி விரிச்சு கொட்டுங்க, ஒரு டைஸ் இன்னொண்ணு மேல சாஞ்சு நின்னாலோ துணி மடிப்புல கோணலா நின்னாலோ அந்த ஒண்ண மட்டும் திருத்தாம நாலையும் திரும்ப போடுங்க. ஒருத்தர் போட ஒருத்தர் எழுத, ஒரு மணி நேரத்துக்குள்ள முடிஞ்சுடும். நோட்டுல ரெண்டு பத்தி போடுங்க. முதல் பத்தில, அந்த போடுல எத்தன ஆறு விழுந்துச்சு, 0, 1, 2ன்னு. ரெண்டாவது பத்தில, ஒரு ஆறாச்சும் இருந்தா ஒரு டிக், அவ்வளவுதான், ரெண்டு ஆறு இருந்தாலும் ஒரே டிக்தான்.

டிக்க எண்ணினா 104 பக்கத்துல வரும், இருபது தடவ இந்த சோதனைய திருப்பித் திருப்பி செஞ்சா பத்தொன்பது தடவையாச்சும் 90க்கும் 118க்கும் நடுவுல அடங்கிடும்னு எதிர்பாக்கலாம். உங்க 4/6 சரியா இருந்தா டிக் 133 பக்கத்துல வரணும், 200 போடு போட்டா அந்த ரெண்டையும் பிரிச்சு பாக்கற அளவுக்கு தெளிவு கிடைச்சுடும், பத்து போடுல கிடைக்காது. கடைல கிடைக்கற சின்ன பிளாஸ்டிக் டைஸ் துல்லியமா இருக்காதுதான், ஆனா அந்த குறை இவ்வளவு பெரிய வித்தியாசத்த மூடாது. டிக் 130ஐ தாண்டிப் போச்சுன்னா அப்ப ஒவ்வொரு டைஸையும் தனியா 60, 100 தடவ உருட்டிப் பாருங்க, எதுலயாவது ஆறு அளவுக்கு மீறி விழுதான்னு, அப்பதான் டைஸ சந்தேகப்படணும்.

அப்புறம் முதல் பத்திய கூட்டுங்க, மொத்தம் எத்தன ஆறு விழுந்துச்சுன்னு. அது 133 பக்கத்துல வரும், பத்து இருபது முன்ன பின்ன. நீங்க கேள்வில எழுதின 4/6 அங்கதான் உக்காந்திருக்கும், முதல் பத்தில.